எட்டு நிமிடத்துக்குக் குறைந்த வீடியோவில் இடை விளம்பரம் ஏன் வராது, அதை எப்படிச் சரிபார்ப்பது

அகஸ்தீஸ்வரம் பக்கத்தில் ஒரு பனந்தோப்பில் அக்கானி காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவதை விடியற்காலை முதல் படம் பிடித்து, இரண்டு இரவுகள் உட்கார்ந்து எடிட் செய்து, யூடியூபில் ஏற்றினேன். ஏற்றிய பிறகு பார்த்தால், வீடியோவின் நடுவே விளம்பரம் வைக்கும் மிட்ரோல் வசதி அந்த வீடியோவுக்கு மட்டும் வரவே இல்லை. கணக்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, நாகர்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் அறுநூறு ரூபாய் கொடுத்து, ஆட்சென்ஸ் கணக்கில் வரி விவரத்தையும் வங்கி விவரத்தையும் மறுபடி நிரப்பச் செய்தேன். ஒன்றும் மாறவில்லை. மறுநாள் என் அண்ணன் மகன் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, கீழ ஏழு அம்பத்திரண்டுன்னுல்லா போட்டிருக்கு, எட்டு ஆகலயே" என்றான். எட்டு விநாடி குறைவு. காரணம் அவ்வளவுதான்.

அந்த அறுநூறு ரூபாயும் இரண்டு நாளும் உங்களுக்கு வீணாகக் கூடாது என்பதற்காக, நான் எந்த வரிசையில் பார்த்திருக்க வேண்டுமோ அந்த வரிசையில் இதை எழுதுகிறேன். உங்கள் சேனல் ஏற்கெனவே விளம்பர வருமானம் பெறும் நிலையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அது சரிதானா என்று சோதிக்கும் வழி மூன்றாம் படியில் இருக்கிறது.

1. விதி எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை

யூடியூபில் எட்டு நிமிடம் அல்லது அதற்கு மேல் நீளமுள்ள வீடியோவின் நடுவில் மட்டுமே மிட்ரோல் வைக்க முடியும். எட்டு நிமிடம் என்றால் 480 விநாடி. சேனல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், சந்தாதாரர் எத்தனை லட்சம் இருந்தாலும், 480 விநாடியைத் தொடாத வீடியோவுக்கு நடுவில் விளம்பர இடம் கிடையாது. இதற்கு விண்ணப்பம் எழுதிக் கேட்கவோ, ஆவணம் காட்டி விலக்குப் பெறவோ வழியில்லை.

பத்து நிமிடம் வேண்டும் என்று உங்களிடம் யாராவது சொன்னால், அது பழைய கணக்கு. 2020 ஜூலை கடைசியில் அந்த வரம்பு பத்திலிருந்து எட்டாகக் குறைக்கப்பட்டது. பழைய கணக்கை நம்பி ஒன்பது நிமிட வீடியோவை வீணாகப் பத்துக்கு இழுத்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருவர் இருக்கிறார்கள்.

குறைந்த நீளமுள்ள வீடியோவில் விளம்பரமே வராது என்று இதற்குப் பொருள் இல்லை. தொடக்கத்தில் வரும் விளம்பரமும் முடிவில் வரும் விளம்பரமும் எட்டு நிமிடத்துக்குக் குறைந்த வீடியோவிலும் வரலாம். 2023 நவம்பரிலிருந்து, தொடக்கத்தில் விளம்பரம் வர வேண்டுமா, முடிவில் வர வேண்டுமா, தாண்டிச் செல்லக்கூடியதா கூடாததா என்பவற்றை யூடியூபே முடிவு செய்கிறது. நம் கைக்கு விடப்பட்டிருப்பது நடு விளம்பரம் ஒன்றுதான். எனவே என் ஏழு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி வீடியோவில் வருமானம் நின்றுபோகவில்லை, நடுவில் கிடைக்கக்கூடியது மட்டுமே கிடைக்காமல் போனது.

2. முதலில் நீளத்தைப் பாருங்கள், வேறு எதையும் தொடாதீர்கள்

கணினியில் யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்து, இடப்பக்கம் உள்ள Content பட்டியலுக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு வீடியோவின் சிறுபடத்தின் மூலையிலும் அதன் நீளம் இருக்கும். ஏற்றி முடிந்தவுடன் பார்க்காமல், செயலாக்கம் முழுவதும் முடியும் வரை பொறுத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. அங்கே 7:59 என்றோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் உங்கள் தேடல் அங்கேயே முடிந்துவிட்டது. நான்காம் படிக்குச் சென்றுவிடுங்கள்.

சரியாக 8:00 என்று இருந்து, ஆனாலும் மிட்ரோல் வரவில்லை என்றால், திரையில் காட்டும் எண்ணை நம்பாமல் கோப்பையே அளந்து பாருங்கள். நாம் திரையில் காண்பது முழு விநாடிகளை மட்டுமே. கோப்பில் விநாடிக்குள் பின்னமும் உண்டு. விண்டோஸ் கணினியில் கோப்பின் மீது வலது கிளிக் செய்து Properties, அதில் Details என்று சென்றால் Length என்ற வரி இருக்கும். போனில் கேலரியில் அந்த வீடியோவின் விவரப் பக்கத்தில் நீளம் இருக்கும். இவையும் முழு விநாடியோடு நின்றுவிடுகின்றன. பின்னம் வரை தெரிய வேண்டும் என்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளோடு வரும் ஒரு சிறு கட்டளை போதும்.

```
ffprobe -v error -show_entries format=duration -of csv=p=0 karuppatti.mp4
```

கடைசிச் சொல்லின் இடத்தில் உங்கள் கோப்பின் பெயரை இடுங்கள். விடை விநாடியில் வரும். எனக்கு 472.360000 என்று வந்தது. 480-இலிருந்து அதைக் கழித்தால் ஏழு விநாடியும் சொச்சமும் குறைவு என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிடுகிறது. இதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம், செலவு ஒன்றுமில்லை. கடைக்குப் போகும் முன் நான் செய்திருக்க வேண்டியது இது ஒன்றுதான்.

3. நீளம்தான் காரணமா என்பதை இன்னொரு வீடியோவை வைத்து உறுதி செய்யுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். மிட்ரோல் வராததற்கு நீளம் தவிர வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால், ஒரு வீடியோவை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. உங்கள் சேனலிலேயே எட்டு நிமிடத்தைத் தெளிவாகத் தாண்டிய ஒரு பழைய வீடியோவைத் தேர்ந்தெடுங்கள். பதினொரு நிமிடம், பதினைந்து நிமிடம் என்று ஏதாவது ஒன்று. Content பட்டியலில் அதைத் திறந்து, இடப்பக்கப் பட்டியலில் Monetization என்றோ Earn என்றோ இருக்கும் பக்கத்துக்குச் செல்லுங்கள். அங்கே நடு விளம்பரத்துக்கான பகுதி இருந்து, வேலையும் செய்தால், உங்கள் சேனல் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு சிக்கலுக்குரிய வீடியோவில் அதே பக்கத்தைத் திறங்கள். அங்கே மட்டும் அந்தப் பகுதி இல்லாமலோ மங்கிக் கிடந்தாலோ, கோளாறு சேனலில் இல்லை, அந்த வீடியோவில்தான்.

நீளமான வீடியோவிலும் அந்தப் பகுதி வரவில்லை என்றால் கதை வேறு. உங்கள் சேனல் கூட்டாளர் திட்டத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். 500 சந்தாதாரர்களோடு கிடைக்கும் முதல் நிலையில் உறுப்பினர் கட்டணம், சூப்பர் சாட் போன்றவை கிடைக்குமே தவிர, வீடியோ விளம்பரப் பங்கு கிடைக்காது. விளம்பரத்துக்கு 1000 சந்தாதாரர்கள் வேண்டும். அதனுடன், கடந்த 12 மாதத்தில் பொதுவில் உள்ள வீடியோக்களுக்கு 4000 மணி நேரப் பார்வையோ, கடந்த 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வையோ வேண்டும். அதைத் தாண்டிய பிறகும், வீடியோ பக்க விளம்பரத்துக்கான ஒப்பந்தப் பகுதியை ஸ்டுடியோவின் Earn பக்கத்தில் தனியாக ஏற்க வேண்டும். முதல் நிலையிலேயே உள்ளே வந்தவர்கள் பலர், இரண்டாம் நிலைக்கான இந்த ஏற்பை மறந்துவிடுகிறார்கள்.

ஆவணங்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் பணம் போனது இதில்தான். பான் எண், வங்கிக் கணக்கு, அமெரிக்க வரிக்கான படிவம், வீட்டு முகவரிக்குத் தபாலில் வரும் ஆட்சென்ஸ் பின் எண் ஆகியவை எல்லாம் சேர்ந்த பணம் உங்கள் கைக்கு வந்து சேர்வதற்கானவை. வீடியோவில் எந்த இடத்தில் விளம்பரம் வைக்கலாம் என்பதற்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. மிட்ரோல் வரவில்லை என்ற காரணத்துக்காக அவற்றைத் திருத்தித் தருவதாக யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நன்றாக இருக்கும் வங்கி விவரத்தைக் கைமாற்றி எழுதும்போது ஓர் எண் தவறினால், வர வேண்டிய பணமும் நின்றுபோகும்.

4. அந்த விநாடிகள் எங்கே போயின என்று கண்டுபிடியுங்கள்

என் எடிட்டிங் மென்பொருளின் டைம்லைன் 8:14 என்றே காட்டியது. அதைப் பார்த்துத்தான் நான் நிம்மதியாக எக்ஸ்போர்ட் செய்தேன். ஆனால் அந்த 8:14 என்பது பின்னணி இசை முடியும் இடம். படம் 7:52-இலேயே முடிந்துவிட்டது, இசைத் துண்டு மட்டும் 22 விநாடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எக்ஸ்போர்ட் எல்லையைக் கடைசிப் படத்தோடு நிறுத்தியிருந்ததால், கோப்பு அங்கேயே வெட்டுப்பட்டுவிட்டது. டைம்லைனின் நீளம் வேறு, வெளியே வரும் கோப்பின் நீளம் வேறு என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. டைம்லைனின் கடைசியில் எங்கோ தள்ளி மறந்துபோன ஒரு துண்டு கிடந்து, எல்லை குறிக்காமல் எக்ஸ்போர்ட் செய்தால், கோப்பு பத்து நிமிடம் ஆகிவிடும். அதில் கடைசி இரண்டு நிமிடம் வெறும் கறுப்பு. யூடியூப் அதை எட்டு நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் பார்ப்பவர் கறுப்புத் திரை வந்தவுடன் போய்விடுவார். நீளத்துக்காக வேண்டுமென்றே இப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நீளத்தைக் குறைக்கும் மற்ற இரண்டு பழக்கங்கள், பேச்சின் இடையில் வரும் மௌனத்தைத் தானாக வெட்டும் வசதியும், வேகத்தைக் கூட்டுவதும் ஆகும். எட்டரை நிமிடப் பேச்சை 1.1 மடங்கு வேகமாக்கினால் அது ஏழே முக்கால் நிமிடத்துக்கும் கீழே இறங்கிவிடும். 510 விநாடியை 1.1-ஆல் வகுத்தால் 464 விநாடிதான் வருகிறது. எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகே நீளத்தைக் கணக்கிட வேண்டும். நடுவில் ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது.

5. ஏற்றிய வீடியோவை நீட்ட முடியாது என்பதை நினைவில் வையுங்கள்

ஏற்றிவிட்ட வீடியோவின் கோப்பை மட்டும் மாற்றி, அதே இணைப்பை வைத்துக்கொள்ள யூடியூபில் வழியில்லை. ஸ்டுடியோவில் உள்ள Editor பகுதியில் வெட்டலாம், மங்கலாக்கலாம், பாட்டை மாற்றலாம். ஆனால் ஒரு விநாடியைக் கூடச் சேர்க்க முடியாது. முடிவுத் திரை என்று கடைசியில் வைக்கும் அட்டைகள் ஏற்கெனவே உள்ள படத்தின் மேல்தான் வந்து உட்காருமே தவிர, நீளத்தைக் கூட்டாது. ஆகவே எட்டு விநாடி குறைந்தாலும் சரி, எண்பது விநாடி குறைந்தாலும் சரி, இருக்கும் வழிகள் இரண்டுதான்: அப்படியே விட்டுவிடுவது, அல்லது புதிய கோப்பைப் புதிய வீடியோவாக ஏற்றுவது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது வெளியாகி எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைப் பொறுத்தது. புதிதாக ஏற்றினால் பழைய வீடியோவின் பார்வை எண்ணிக்கை, கருத்துகள், வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்த இணைப்புகள் எதுவும் புதியதற்கு வராது. ஓடத் தொடங்கிவிட்ட வீடியோவை நடு விளம்பரத்துக்காக அழிப்பது பெரும்பாலும் நட்டம் என்பதே என் கருத்து. என் கருப்பட்டி வீடியோ இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கும் Unlisted நிலையில்தான் இருந்தது. வீட்டாரும் தோப்புக்காரரும் சேர்ந்து 31 முறை பார்த்திருந்தார்கள். எனவே அதை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றுவதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

மறுபடி ஏற்றுவதற்கும் ஒரு செலவு உண்டு. விநாடிக்கு 10 மெகாபிட் அளவில் எக்ஸ்போர்ட் செய்த எட்டு நிமிட வீடியோ ஏறக்குறைய 600 எம்பி இருக்கும். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி தரும் போன் பேக்கில் இரண்டு முறை ஏற்றினால் அன்றைய பேக்கில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். நேரத்தைப் பொறுத்தவரை, ஏற்றும் வேகம் 5 மெகாபிட் இருந்தால் கால் மணி நேரம் ஆகும். எங்கள் ஊரில் மாலை வேளையில் வேகம் 2-க்கு இறங்கிவிடுவதால் எனக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. இதனால்தான் ஏற்றுவதற்கு முன்பே கோப்பை அளக்கச் சொல்கிறேன்.

6. குறைந்த விநாடிகளை எங்கிருந்து எடுப்பது

எட்டு விநாடி குறைகிறது என்றால் எட்டு விநாடியை மட்டும் சேர்க்காதீர்கள். விளிம்பில் நிற்காமல் குறைந்தது ஐந்தாறு விநாடியாவது மிகையாக வையுங்கள். அதற்கு நான் கண்ட நல்ல வழி, முடிவுத் திரைக்கு இடம் விடுவது. முடிவுத் திரை வீடியோவின் கடைசி 5 முதல் 20 விநாடி வரை நிற்கலாம். பெரும்பாலோர் அதற்கென்று படம் வைக்காமல் பேச்சு முடிந்த இடத்திலேயே வெட்டிவிடுகிறார்கள். அதனால் அடுத்த வீடியோவின் அட்டை, பேசுபவரின் முகத்தின் மேலேயே வந்து விழுகிறது.

நான் எடிட்டிங்கில் வெட்டி எறிந்த ஒரு காட்சி இருந்தது: சிரட்டைகளில் ஊற்றிய பாகு உறைந்த பிறகு, தோப்புக்காரரின் மனைவி ஒவ்வொன்றையும் தரையில் இலேசாகத் தட்டிக் கவிழ்த்து, கருப்பட்டியை ஓலைப்பாயில் அடுக்கிக்கொண்டே போவார். பேச்சு இல்லாத காட்சி என்பதால்தான் அதை எடுத்துவிட்டிருந்தேன். முடிவுத் திரைக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. அதிலிருந்து 20 விநாடியைக் கடைசியில் சேர்த்தேன். எல்லையைச் சரி செய்து எக்ஸ்போர்ட் செய்து, அதே கட்டளையால் அளந்தபோது 492.400000 என்று வந்தது. 480-ஐவிடப் பன்னிரண்டு விநாடி கூடுதல். ஏற்றியபின் ஸ்டுடியோவில் 8:12 என்று காட்டியது. செயலாக்கம் முடிந்து பக்கத்தைத் திறந்தபோது நடு விளம்பரத்துக்கான பகுதியும் இருந்தது.

இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று குறைந்தால் இந்த வழி பொருந்தாது. ஐந்தரை நிமிடச் செய்தியை எட்டுக்கு இழுத்தால், நடு விளம்பரம் வரும் இடத்துக்கு முன்பே பார்ப்பவர் எழுந்து போய்விடுவார். வராத விளம்பரத்துக்காக நல்ல வீடியோவைக் கெடுத்ததாகத்தான் ஆகும்.

7. இடம் கிடைத்த பிறகு

யூடியூபே இடம் தேர்ந்தெடுக்கும்படி விடலாம், நீங்களே நேரம் குறித்தும் வைக்கலாம், இரண்டையும் சேர்த்தும் வைக்கலாம். நானே வைத்தது ஒரே இடத்தில். அக்கானி கொதித்துப் பாகுப் பதம் வந்து, அடுப்பிலிருந்து இறக்கும் காட்சி முடிந்து, சிரட்டைகளை வரிசையாகப் பரப்பும் காட்சி தொடங்கும் முன் 4:41-இல். முதலில் 4:20-இல் வைத்திருந்தேன். அது, தோப்புக்காரர் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பதம் காட்டிக்கொண்டிருக்கும் இடம். ஒரு சொல்லின் பாதியில் வெட்டியது. 2025 மே மாதத்திலிருந்து, பேச்சையோ காட்சியையோ இப்படி முறிக்கும் இடங்களைக் குறைத்து, இயல்பாக நிற்கும் இடங்களில் கூடுதலாக விளம்பரம் காட்டுவதாக யூடியூப் முறையை மாற்றியிருக்கிறது. எனவே இடத்தைக் குறித்த பிறகு, அதற்கு முன்னும் பின்னும் பத்து விநாடி ஓட்டிப் பாருங்கள்.

இடம் வைத்ததாலேயே ஒவ்வொருவருக்கும் அங்கே விளம்பரம் வரும் என்று எண்ண வேண்டாம். அது திறக்கப்பட்ட கதவு மட்டுமே. யாருக்கு எப்போது விளம்பரம் காட்டுவது என்பதை யூடியூப் அந்தந்த நேரத்தில் முடிவு செய்கிறது. உங்கள் போனில் விளம்பரம் வரவில்லை என்பதை வைத்து, மிட்ரோல் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். சரிபார்க்க வேண்டிய இடம் ஸ்டுடியோ பக்கம்தான்.

8. பிறகு நேரும் ஒரு வெட்டு

எட்டு நிமிடத்தைச் சற்றே தாண்டிய வீடியோ வெளியான பின்பும் கீழே இறங்கிவிடலாம். தோப்பில் தூரத்தில் ஒலிபெருக்கியில் ஓடிய சினிமாப் பாட்டு உங்கள் வீடியோவில் பதிவாகி, அதற்குக் காப்புரிமைக் கோரிக்கை வந்தால், ஸ்டுடியோ சில வழிகளைத் தரும். அவற்றில் Trim out segment என்பது பாட்டு உள்ள பகுதியைப் படத்தோடு சேர்த்து வெட்டிவிடும். என் 8:12 வீடியோவில் இப்படிப் பதினைந்து விநாடி போனால் 7:57-இல் வந்து நிற்கும். நடு விளம்பரமும் அதோடு போய்விடும். Mute song, Replace song ஆகியவை ஒலியை மட்டுமே தொடுவதால் நீளம் குறையாது. எனவே வெட்டும் வழியைத் தொடும் முன், சிறுபடத்தின் மூலையில் உள்ள எண்ணிலிருந்து அந்தப் பகுதியின் விநாடிகளைக் கழித்துப் பாருங்கள். விடை 8:00-க்குக் கீழே வந்தால் ஒலியை மட்டும் நீக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள்.